மாநாட்டு ஸ்லைடுகளைச் சுருக்கப் பத்தியாக்கும்போது எங்கே தவறுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

ஆய்வு மாநாட்டில் காட்டிய ஸ்லைடு தொகுப்பை ஒரே பத்தியில் ஆய்வுச் சுருக்கமாக எழுதும்போது, அந்தப் பத்தி பெரும்பாலும் படிக்க நன்றாகவே இருக்கும். பிழை எங்கே இருக்கிறது என்று உடனே தெரியாது. மேடையில் பேசுபவர் வாயால் சொல்லி நிரப்புவதை ஸ்லைடில் எழுதியிருக்க மாட்டார். ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் முக்கியமான எண்ணாகவும் இருக்காது. இந்த இரண்டு காரணங்களால்தான் பத்தி தடம் மாறுகிறது. அது வெளியே தெரியும் அறிகுறிகளையும், அவற்றுக்கு எந்த ஸ்லைடைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே ஓர் உண்மையான ஆய்வை வைத்துச் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் ஆய்வு ஆர்பிட்டா. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ரஷா அல்-லாமி தலைமையில் நடந்தது. 2017 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த இதய மருத்துவ மாநாட்டில் அதன் முடிவை முன்வைத்தார்கள்; அதே சமயத்தில் லான்செட் இதழிலும் வந்தது. நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதை, ஸ்டென்ட் வைப்பதுபோல் செய்து வைக்காமல் விடும் பொய்ச்சிகிச்சையுடன் ஒப்பிட்ட முதல் ஆய்வு அது. கீழே வரும் எண்கள் வெளியான கட்டுரையில் உள்ளவை. ஸ்லைடு வரிசை என்று நான் சொல்வது இதுபோன்ற மருத்துவத் தொகுப்புகளில் வழக்கமாக இருக்கும் வரிசை: பின்னணி, ஆய்வு வடிவமைப்பு, யார் சேர்ந்தார்கள் என்ற படம், அடிப்படை அட்டவணை, முதன்மை முடிவு, துணை முடிவுகள், பாதுகாப்பு, முடிவுரை.

முதலில் ஒரு மோசமான வரைவு. இப்படித்தான் பலரும் முதல் தடவை எழுதுகிறார்கள்:

"நெஞ்சுவலி உள்ள இதய நோயாளிகளுக்கு ஸ்டென்ட் வைப்பதன் பயன் ஆராயப்பட்டது. 230 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஸ்டென்ட் குழுவில் உடற்பயிற்சி நேரம் கணிசமாகக் கூடியது (பி-மதிப்பு 0.001); பொய்ச்சிகிச்சைக் குழுவில் அப்படிக் கூடவில்லை (0.235). ரத்த ஓட்ட அளவீடுகளும் நன்கு மேம்பட்டன. எனினும் ஸ்டென்ட்டால் பயன் இல்லை என்று முடிவு செய்யப்பட்டது. இதன் விளைவுகள் விவாதிக்கப்பட்டன."

இதில் உள்ள எண்கள் எல்லாமே ஆய்வில் இருப்பவைதான். ஆனாலும் பத்தி தவறு. ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம்.

அறிகுறி: "ஆராயப்பட்டது", "விவாதிக்கப்பட்டது" என்று முடியும் வாக்கியங்கள்

இது ஸ்லைடுத் தலைப்பைப் பார்த்து எழுதியதன் தடயம். "பின்னணி", "விளைவுகள்" என்ற தலைப்புகள் அப்படியே வினைச்சொல்லாக மாறிவிட்டன. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் படிப்பவருக்கு எதுவும் குறையாது என்றால் அது காலி வாக்கியம்.

திருத்தம் எளிது. "ஆராயப்பட்டது" என்ற இடத்தில் ஆய்வு கேட்ட கேள்வியையே எழுதுங்கள்: மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஸ்டென்ட் வைத்தால் நோயாளியால் டிரெட்மில்லில் கூடுதல் நேரம் நடக்க முடிகிறதா? கேள்வி இவ்வளவு குறிப்பாக வராவிட்டால் நீங்கள் வடிவமைப்பு ஸ்லைடை இன்னும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அர்த்தம். "விவாதிக்கப்பட்டன" என்ற கடைசி வாக்கியத்தை அப்படியே அடித்துவிடலாம்.

அறிகுறி: தலைகளின் எண்ணிக்கை கூட்டிப் பார்த்தால் வரவில்லை

வரைவில் 230 பேரை இரு குழுக்களாகப் பிரித்ததாக இருக்கிறது. ஆனால் குழுக்களில் இருந்தவர்கள் 105 பேரும் 95 பேரும். கூட்டினால் 200. மீதி 30 பேர் எங்கே?

காரணம் இது. சேர்க்கப்பட்டவர்கள், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள், கடைசியில் கணக்கில் வந்தவர்கள் என்று ஒரு தொகுப்பில் மூன்று வகை எண்கள் இருக்கும். பெரிய எண்ணை முதல் ஸ்லைடிலேயே காட்டுவார்கள். கண் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆர்பிட்டாவில் 230 பேரைச் சேர்த்து, 6 வாரம் மருந்துகளைச் சீரமைத்தார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டி பிரிப்புக்கு வந்தவர்கள் 200 பேர்தான்.

யார் எந்தக் கட்டத்தில் விலகினார்கள் என்று பெட்டிகளும் அம்புகளுமாக இருக்கும் ஸ்லைடைத் திறந்து, மேலிருந்து கீழே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பத்தியில் ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்குரிய வினையைக் கொடுங்கள்: 230 பேர் சேர்க்கப்பட்டனர், 200 பேர் பிரிக்கப்பட்டனர். இடம் இல்லையென்றால் 230-ஐ விடலாம்; 200-ஐ விடக்கூடாது, ஏனென்றால் ஒப்பீடு நடந்தது அவர்களுக்கு இடையேதான்.

அறிகுறி: ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி பி-மதிப்பு; இரண்டையும் ஒப்பிடும் எண் இல்லை

வரைவிலேயே மிகக் கெட்ட பிழை இதுதான். கண்டுபிடிக்கக் கடினமானதும் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிரெட்மில் நேரம் ஸ்டென்ட் குழுவில் சராசரியாக 28.4 வினாடி கூடியது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் என்று அந்தக் குழுவை அதனுடனேயே ஒப்பிட்டால் பி-மதிப்பு 0.001. பொய்ச்சிகிச்சைக் குழுவில் 11.8 வினாடி கூடியது. அதற்குரிய பி-மதிப்பு 0.235. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் பலன் உண்டு, மற்றதில் இல்லை, ஆகவே ஸ்டென்ட் வேலை செய்கிறது என்று மனம் தானாகவே முடித்துவிடும். வரைவை எழுதியவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் படிப்பவர் தவறான முடிவுக்குப் போய்ச் சேருகிறார்.

ஆய்வு கேட்ட கேள்வி வேறு. ஒரு குழுவில் கூடிய அளவுக்கும் மற்றதில் கூடிய அளவுக்கும் இடையே வேறுபாடு உண்டா என்பதே கேள்வி. 28.4-இலிருந்து 11.8-ஐக் கழித்தால் 16.6 வினாடி. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −8.9 முதல் 42.0 வரை, பி-மதிப்பு 0.200. முதன்மை முடிவு இதுதான். பத்தியில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம் என்றால் அது இந்த எண்ணாகவே இருக்க வேண்டும்.

இரண்டு குழுக்களிலும் நேரம் கூடியதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இரண்டாவது தடவை டிரெட்மில் ஏறும்போது பழக்கம் வந்துவிடுகிறது. சிகிச்சை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை இருக்கிறது. அவற்றைக் கழிப்பதற்காகத்தான் பொய்ச்சிகிச்சைக் குழுவே வைத்தார்கள். தனித்தனிக் குழு பி-மதிப்பை மட்டும் எழுதும் பத்தி, அந்த முழு ஏற்பாட்டையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது? முடிவு ஸ்லைடில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு பட்டையின் மேலும் ஓர் எண் இருக்கும். நடுவில் ஒரு கோடு போட்டு வேறுபாட்டைச் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். சில தொகுப்புகளில் அடுத்த ஸ்லைடில்தான் வரும். அதனால் பட்டையைப் பார்த்தவுடன் எழுதாமல், "வேறுபாடு" என்ற சொல் வரும் இடத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குங்கள்.

எடுத்து எழுதும்போது எண் தவறியதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. சராசரிகளின் வேறுபாடு என்றால் அது வழக்கமாக நம்பிக்கை இடைவெளியின் நடுவில் இருக்கும். −8.9-ஐயும் 42.0-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 16.55. நம் எண் 16.6. சரி, பொருந்துகிறது. நடுவில் வராவிட்டால் ஒன்று கழித்தல் குறி தொலைந்திருக்கும் அல்லது வேறு வரிசையின் எண்ணை எடுத்திருப்பீர்கள். ஆனால் விகிதமாகச் சொல்லும் முடிவுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது; அவற்றின் இடைவெளி மேல்பக்கம் நீண்டிருக்கும்.

அறிகுறி: "பயன் இல்லை என்று நிரூபிக்கப்பட்டது"

முந்தைய பிழையைத் திருத்தியவர்கள் பலர் நேராக இதில் வந்து விழுவார்கள். 0.200 என்று பார்த்ததும் "ஸ்டென்ட்டால் பயன் இல்லை" என்று எழுதிவிடுவது. 2017-இல் பல செய்திகளும் ஏறக்குறைய இப்படித்தான் போட்டன.

நம்பிக்கை இடைவெளியை வாக்கியமாக மாற்றிப் பாருங்கள். உண்மையான வேறுபாடு, பொய்ச்சிகிச்சைக்குச் சாதகமாக 8.9 வினாடி என்பதிலிருந்து ஸ்டென்ட்டுக்குச் சாதகமாக 42 வினாடி என்பது வரை எங்கே இருந்தாலும் அது இந்தத் தரவுடன் ஒத்துப்போகும். இப்போது வடிவமைப்பு ஸ்லைடுக்குப் போங்கள். குழுவுக்கு 100 பேர் என்று ஏன் முடிவு செய்தார்கள்? 30 வினாடி வேறுபாடு இருந்தால் அதைப் பிடிக்க 80 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அந்த 30 வினாடி, வந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 30 வினாடி பலன் கிடையவே கிடையாது என்று இந்த ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. பலன் உண்டு என்று நிறுவவும் முடியவில்லை. இரண்டாவதைத்தான் பத்தி சொல்ல வேண்டும்.

அதனால் "பயன் இல்லை" என்பதை எடுத்துவிட்டு, "பொய்ச்சிகிச்சையை விட நேரம் கூடுதலாகக் கூடியதாக நிறுவப்படவில்லை" என்று எழுதி, பக்கத்திலேயே இடைவெளியையும் கொடுங்கள். முடிவு எதிர்மறையாக வந்த ஆய்வுகளுக்குத் திட்டமிட்ட வேறுபாடு எவ்வளவு என்பதையும் அரை வாக்கியத்தில் சொல்வது என் வழக்கம். இடம் நெருக்கினாலும் இதை விட எனக்கு மனம் வருவதில்லை.

அறிகுறி: துணை முடிவும் முதன்மை முடிவும் ஒரே குரலில் பேசுகின்றன

வரைவில் "ரத்த ஓட்ட அளவீடுகளும் நன்கு மேம்பட்டன" என்று வருகிறது. உண்மைதான். அடைப்பைத் தாண்டி எவ்வளவு அழுத்தம் போகிறது என்பதைக் காட்டும் விகிதம் ஸ்டென்ட் குழுவில் 0.69-இலிருந்து 0.90-க்கு ஏறியது. அந்த "-உம்" என்ற ஓர் உருபு செய்யும் வேலையைக் கவனியுங்கள்: முன்னால் சொன்னதற்கு இது சாட்சி என்று ஆக்கிவிடுகிறது. குழாயைத் திறந்தால் அந்த விகிதம் ஏறத்தான் செய்யும். சிகிச்சை தொழில்நுட்ப ரீதியில் சரியாக நடந்தது என்பதற்கு அது அத்தாட்சி. நோயாளி கூடுதல் நேரம் நடந்தார் என்பதற்கு அல்ல.

துணை அளவீடுகளில் சொல்லத் தகுந்தது ஸ்ட்ரெஸ் எக்கோ. இதயத்துக்கு மருந்தால் வேலைப்பளு கொடுத்து, அதன் சுவர் எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனை. அதில் இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு வந்தது (பி-மதிப்பு 0.0011). இதை எழுதலாம், "துணை அளவீடான" என்ற சொல்லை முன்னால் போட்டு, முதன்மை முடிவுக்குப் பிறகு. எது முதன்மை என்று வடிவமைப்பு ஸ்லைடில் ஒரே வரியில் இருக்கும். முடிவு ஸ்லைடுகளின் வரிசையை நம்ப வேண்டாம்.

அறிகுறி: ஆய்வில் இருந்தவர்களை விடப் பத்தியில் வருபவர்கள் அதிகம்

"நெஞ்சுவலி உள்ள இதய நோயாளிகள்" என்றால் மாரடைப்பு வந்து அவசர சிகிச்சைக்கு ஓடி வருபவரும் அதில் அடங்குவார். ஆர்பிட்டாவில் அவர்கள் இல்லை. ஒரே ஒரு தமனியில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு, நிலையான நெஞ்சுவலி, இவர்கள் மட்டுமே. மாரடைப்பில் ஸ்டென்ட் உயிர் காக்கும் சிகிச்சை. இந்த அடைமொழிகளை விட்ட சுருக்கம், வேண்டியவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்யும் அளவுக்குத் தவறாகப் படிக்கப்படலாம்.

இன்னொரு அடைமொழி அடிக்கடி தொலைந்துபோகிறது: மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுவந்த பிறகு என்பது. ஸ்லைடில் அது ஒரு சின்னப் பெட்டியாக, "6 வாரம்" என்று மட்டும் இருக்கும். ஆனால் முடிவையே தீர்மானிக்கும் அளவுக்கு அது முக்கியமாக இருக்கலாம். அதே குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆர்பிட்டா-2 ஆய்வில் 301 பேருக்கு நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு ஒப்பிட்டார்கள். அளந்தது டிரெட்மில் நேரத்தை அல்ல, நெஞ்சுவலியின் மதிப்பெண்ணை. அதில் ஸ்டென்ட், பொய்ச்சிகிச்சையை விடத் தெளிவாக மேலாக வந்தது. மருந்து நிலையையும் அளவீட்டையும் எழுதாத இரண்டு சுருக்கங்களை அருகருகே வைத்தால் ஒன்றையொன்று மறுப்பதாகத் தெரியும். எழுதினால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்.

இதற்கு நான் செய்வது: முடிவு வாக்கியத்தை மட்டும் வெட்டி ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டுவேன். யாருக்கு, எந்த நிலையில், எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலத்தில், எதை அளந்து என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். மற்றவர்கள் மேற்கோள் காட்டும்போது அதை மட்டும்தான் எடுத்துப் போவார்கள்.

அறிகுறி: வேண்டிய எண் ஸ்லைடில் இல்லை, வரைபடத்தில் மட்டும் இருக்கிறது

பட்டையின் உயரத்தைக் கண்ணால் அளந்து எண்ணாக எழுத வேண்டாம். அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்பதே பல ஸ்லைடுகளில் தெரியாது. முதலில் ஸ்லைடின் கீழே இருக்கும் பேச்சாளர் குறிப்புகளைத் திறந்து பாருங்கள். பிடிஎஃப் ஆக மாற்றும்போது அவை பெரும்பாலும் விடுபட்டுவிடும், ஆகவே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் "நன்றி" ஸ்லைடுக்குப் பின்னால் போங்கள். கேள்வி வந்தால் காட்டுவதற்காக வைத்திருக்கும் அட்டவணைகள் அங்கேதான் இருக்கும். அங்கும் இல்லையென்றால் திசையை மட்டும் எழுதுங்கள், அளவை எழுதாதீர்கள். வெளியான கட்டுரையிலிருந்து எண்ணை எடுத்தால் அதைச் சொல்லிவிடுங்கள். மாநாட்டில் காட்டிய எண்ணும் அச்சில் வந்த எண்ணும் சில சமயம் மாறியிருக்கும்.

எல்லாவற்றையும் திருத்திய பிறகு பத்தி இப்படி வருகிறது:

"ஒரே ஒரு இதயத் தமனியில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பும் நிலையான நெஞ்சுவலியும் உள்ளவர்களுக்கு, மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஸ்டென்ட் வைப்பது உடற்பயிற்சி நேரத்தைக் கூட்டுகிறதா என்று இந்த ஆய்வு சோதித்தது. பிரிட்டனின் 5 மையங்களில் 230 பேர் சேர்க்கப்பட்டனர். 6 வார மருந்துச் சீரமைப்புக்குப் பின் 200 பேர் குலுக்கல் முறையில் ஸ்டென்ட்டுக்கும் (105) பொய்ச்சிகிச்சைக்கும் (95) பிரிக்கப்பட்டனர். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்கும் பின்னர் அளந்தவர்களுக்கும் தெரியாது. முதன்மை அளவீடு, 6 வாரத்தில் டிரெட்மில் நேரம் கூடிய அளவில் இரு குழுக்களுக்கும் உள்ள வேறுபாடு. 30 வினாடி வேறுபாட்டைக் கண்டறியும்படி ஆய்வு திட்டமிடப்பட்டது. நேரம் ஸ்டென்ட் குழுவில் 28.4 வினாடியும் பொய்ச்சிகிச்சைக் குழுவில் 11.8 வினாடியும் கூடியது, வேறுபாடு 16.6 வினாடி (95% நம்பிக்கை இடைவெளி −8.9 முதல் 42.0 வரை, பி-மதிப்பு 0.200). துணை அளவீடான ஸ்ட்ரெஸ் எக்கோவில் இதயச் சுவரின் அசைவு ஸ்டென்ட் குழுவில் கூடுதலாக மேம்பட்டது (பி-மதிப்பு 0.0011). இறப்பு எதுவும் இல்லை. பொய்ச்சிகிச்சைக் குழுவில் 4 பேருக்கு அழுத்தம் அளக்கும் கம்பியால் சிக்கல் ஏற்பட்டு ஸ்டென்ட் சிகிச்சை தேவைப்பட்டது. மருந்துகள் முழு அளவில் இருக்கும் இத்தகைய நோயாளிகளிடம், ஸ்டென்ட் பொய்ச்சிகிச்சையை விட 6 வாரத்தில் உடற்பயிற்சி நேரத்தைக் கூட்டியதாக நிறுவப்படவில்லை."

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் பத்தி நீளம்

மாநாட்டு மலருக்கு இதைவிடச் சின்னதாகக் கேட்டால், முதலில் பின்னணியைக் குறையுங்கள். மேலே உள்ள பத்தியில் பின்னணி ஏற்கெனவே இல்லை. அடுத்து 5 மையங்கள், 230 என்ற எண், பிறகு ஸ்ட்ரெஸ் எக்கோ வாக்கியம் என்ற வரிசையில் வெட்டலாம். குழுக்களின் தனித்தனி வினாடிகளும் நெருக்கடி என்றால் போகலாம், வேறுபாடும் இடைவெளியும் இருக்கும்வரை. யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்கும் அளந்தவர்களுக்கும் தெரியாது என்ற வாக்கியத்தைப் பலரும் அலங்காரம் என்று நினைத்து வெட்டுகிறார்கள். அதை வெட்ட வேண்டாம். ஸ்டென்ட் பற்றிய முந்தைய ஆய்வுகளில் நோயாளிக்குத் தனக்கு என்ன செய்தார்கள் என்று தெரியும். ஆர்பிட்டாவில் காதில் இசை ஓடும் ஹெட்போன் மாட்டி, மயக்க மருந்து கொடுத்து, பொய்ச்சிகிச்சைக் குழுவினரையும் குறைந்தது 15 நிமிடம் மேசையிலேயே வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டை 'தெரியாது' என்று முடியும் அந்த ஒற்றை வாக்கியம்தான் பத்தியில் தாங்கி நிற்கிறது.